நம் கணக்கு, குடோன் கணக்கு, தரையில் நிற்கும் சரக்கு

கேள்வி: காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். சென்னைக்குப் போகும் சரக்கு செங்குன்றம் பக்கம் ஒரு வாடகை குடோனில் இருக்கிறது. இறக்குவது, அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. போன மாதம் டாலியில் அரை லிட்டர் பாட்டில் 140 பெட்டி இருந்தது. 100 பெட்டி அனுப்பச் சொன்னேன், 82தான் இருக்கிறது என்றார்கள். எல்லாச் சரக்கையும் எண்ணி, எங்கள் கணக்கோடு என்ன வித்தியாசம் என்று எழுதி அனுப்பச் சொல்லி, டாலி இருப்புப் பட்டியலையும் சேர்த்து மெயில் போட்டேன். மறுநாளே பதில்: அரை லிட்டரில் 58 குறைவு, மற்ற 22 ஐட்டமும் அச்சுப் பிசகாமல் சரி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி கேட்டால் முகம் சுளிப்பார்களோ? எப்படி எழுதிக் கேட்பது, அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: வணக்கம். உங்களுக்கு நம்பிக்கை வராதது சரிதான். இத்தனை ஐட்டத்தை ஒரே நாளில் எண்ணி ஒரு பெட்டிகூட முன்பின் இல்லை என்றால், அது தாளைப் பார்த்து எழுதிய கணக்கு. ஆனால் குடோன்காரரை மட்டும் இதில் குறை சொல்ல மாட்டேன். விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்திருக்கிறீர்கள். "இங்கே 236 பெட்டி" என்று தாளில் அச்சாகியிருந்தால், எண்ணப் போகிறவர் அட்டியை ஒரு பார்வை பார்த்து, இருக்கும் என்று டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவருக்குத் தேவையில்லை. தகரக் கூரைக்குக் கீழே, லாரி வந்து நிற்கும் நேரத்தில், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

அதனால் முதல் மாற்றம், நீங்கள் அனுப்பும் பட்டியலில் எண்ணிக்கை இருக்கக் கூடாது. ஐட்டம் பெயர், அளவு, பேட்ச் எண், பெட்டிக்கு எத்தனை பாட்டில் என்பது வரை எழுதிவிட்டு, மற்றதை வெற்றுக் கட்டமாக விடுங்கள். முழுப் பெட்டிக்கு ஒரு கட்டம், உதிரி பாட்டிலுக்கு ஒன்று, டேமேஜுக்கு ஒன்று, எந்த அட்டியில் இருந்தது என்பதற்கு ஒன்று. தாளின் கடைசியில் பத்து வரி காலியாக இருக்கட்டும். பட்டியலில் இல்லாத சரக்கு கண்ணில் பட்டால் எழுத இடம் வேண்டுமே. பழைய லேபிள் ஒட்டிய பெட்டி, திரும்பி வந்து யாரும் பதியாத பெட்டி எல்லாம் அந்தக் காலி வரிகளில்தான் வந்து விழும்.

இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் அறிக்கைக்கு ஆதாரமே அதுதான். "எங்கள் கணக்கோடு வித்தியாசம்" என்று கேட்டீர்கள். அப்படிக் கேட்டால் இரண்டு எண்களைத்தான் ஒப்பிட முடியும். உண்மையில் இங்கே இருப்பது மூன்று எண்கள். உங்கள் டாலியில் உள்ளது ஒன்று. குடோன்காரர் தன் இன்வர்டு, அவுட்வர்டு பதிவின்படி வைத்திருப்பது இன்னொன்று. தரையில் நிற்பது மூன்றாவது. டாலிக்கும் குடோன் கணக்குக்கும் இடையில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் காகித விஷயம். வழியில் வரும் லாரி, பதியாத ரிட்டர்ன், இரண்டு தடவை போட்ட பில் போன்றவை. அதைத் தீர்ப்பதில் உங்கள் கணக்கருக்கும் பங்கு உண்டு. குடோன் கணக்குக்கும் தரைக்கும் இடையில் வரும் வித்தியாசம் முழுக்க அவர் பொறுப்பு. அவரே வாங்கினேன் என்று எழுதிய சரக்கு, அவரே அனுப்பவில்லை என்று சொல்லும் சரக்கு, அங்கே இல்லை. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக வாங்கினால், யார் எதற்குப் பதில் சொல்வது என்பதே புரியாமல் போய்விடும். உங்கள் 58 பெட்டி இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு நல்லெண்ணெய்க் கம்பெனியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஆலை தெற்கே, குடோன் சென்னைக்கு வெளியே. அரை லிட்டர் பாட்டிலில் டாலி 412 பெட்டி காட்டியது. எண்ணியபோது 371. முதலாளி 41 பெட்டி திருட்டுப் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். குடோன்காரரின் சொந்தக் கணக்கைக் கேட்டு வாங்கினோம். அதில் 400 இருந்தது. 412க்கும் 400க்கும் நடுவில் இரண்டு காகிதங்கள் கிடைத்தன. வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து கிளம்பிய 30 பெட்டியை அன்றே டாலியில் குடோன் இருப்பாக ஏற்றியிருந்தார்கள். லாரி வந்து சேர்ந்ததோ எண்ணி முடித்த பிறகு. இன்னொன்று, ஒரு விநியோகஸ்தர் திருப்பி அனுப்பிய 18 பெட்டி. குடோனில் வரவு வைத்துவிட்டார்கள், ஆலையில் கிரெடிட் நோட் போடவில்லை. 412இல் 30 கழித்து 18 கூட்டினால் 400. இந்தப் பக்கம் சுத்தமாகிவிட்டது.

மீதி 29 பெட்டி குடோன்காரர் பதில் சொல்ல வேண்டியது. ஆறு பெட்டி கசிந்து மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. டேமேஜ் என்று யாருக்கும் எழுதவில்லை, எண்ணும்போதும் சேர்க்கவில்லை. பதினைந்து பெட்டிக்கு விடை அடுத்த வரியில் இருந்தது. அரை லிட்டர் பாக்கெட் அதே அளவுப் பெட்டியில், அதே மஞ்சள் அச்சில் வரும். அந்த ஐட்டத்தில் சரியாக 15 பெட்டி அதிகம். பாக்கெட்டுக்குப் பதிலாக பாட்டிலை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பில் பாக்கெட் விலைக்கு, போனது பாட்டில். கடைக்காரர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? கடைசியில் எதற்கும் விளக்கம் கிடைக்காமல் நின்றது எட்டுப் பெட்டி. 41இல் தொடங்கிய சண்டை எட்டில் வந்து நின்றது. அந்த எட்டுக்கு குடோன்காரர் மறுபேச்சில்லாமல் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

இதே இடத்தில் அவர் மொத்தமாக ஒரே வரியில் அறிக்கை கொடுத்திருந்தால், 29 குறைவும் 15 அதிகமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு "நிகர வித்தியாசம் 14 பெட்டி" என்று முடிந்திருக்கும். மாற்றி ஏற்றிய விஷயம் வெளியே வந்தே இருக்காது. ஆகையால் கூட்டல் கழித்தல் செய்த மொத்த எண்ணை ஏற்காதீர்கள். ஐட்டம் ஐட்டமாக, பேட்ச் பேட்சாக, குறைவு தனி, அதிகம் தனி. அதிகமாக இருக்கும் வரியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அதே அளவு குறைவு வேறெங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இனி நேரம். எந்த நொடியின் இருப்பை எண்ணுகிறோம் என்பதை இரு தரப்பும் முன்பே ஒத்துக்கொள்ளாவிட்டால், எவ்வளவு கவனமாக எண்ணினாலும் கணக்கு உதைக்கும். தேதி மட்டும் போதாது. சனிக்கிழமை மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் அவர்களுடைய கடைசி இன்வர்டு எண் என்ன, கடைசி அவுட்வர்டு எண் என்ன என்று எழுதி வாங்க வேண்டும். அதே நேரத்தில் உங்கள் கணக்கர் டாலியில் `Godown Summary` எடுத்து, அந்தப் பிரதியைத் தனியாகச் சேமித்துவிட வேண்டும். திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் யாராவது முன்தேதியிட்டு ஒரு பில் போட்டிருப்பார். ஆறு மணிக்குப் பிறகு எண்ணி முடியும்வரை சரக்கு உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. வாசலில் வண்டி வந்து நின்றால், இறக்கி ஓரமாக வைத்து, "எண்ண வேண்டாம்" என்று சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். பில் போட்டு, எடுத்து வைத்து, இன்னும் வண்டி ஏறாத பெட்டிகள்தான் எப்போதும் தலைவலி. அவை தரையில் நிற்கின்றன, ஆனால் உங்கள் டாலியில் போய்விட்டன. அவற்றைத் தனித் தாளில் எண்ணி, பில் எண்ணோடு எழுத வேண்டும்.

எண்ணும் விதத்தில் ஒன்றே ஒன்று வற்புறுத்துங்கள்: அட்டியின் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். முன்னால் நின்று அகலம் 6, ஆழம் 5, உயரம் 7 என்று பெருக்கி 210 என்று எழுதிவிடுவார்கள். ஒருமுறை நான் லோடுமேனை மேலே ஏறச் சொன்னேன். நடுவில் நாலு அடுக்கில் ஐந்தைந்து பெட்டி எடுத்து, பள்ளமாகக் கிடந்தது. இருந்தது 190. முன்பக்கம் அழகாக நிற்கட்டும் என்று அவசரத்துக்கு நடுவிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் சரக்குக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். மார்கழி இரவில் மூடி சரியில்லாத பாட்டிலில்கூட எண்ணெய் அப்படியே நிற்கும். பெட்டி காய்ந்து சுத்தமாகத் தெரியும். வெயில் ஏறியதும் உருகிக் கசிந்து, அடிப்பெட்டி ஊறி, மேலே உள்ளவை அதன்மேல் அமுங்கும். அடி வரிசைப் பெட்டியில் எண்ணெய்க் கறை இருந்தால் அதைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் எண்ணெய் மட்டும் ஏறக்குறைய 460 கிராம். பாதி வடிந்த பெட்டி கைக்கே தெரிந்துவிடும். அந்தப் பெட்டியை முழுப் பெட்டி என்று எண்ணிவிட்டால், அடுத்த மாதம் அதுவே புதுக் குறைவாக வந்து நிற்கும்.

முதல் எண்ணிக்கையில் மாறுபடும் ஐட்டங்களை மட்டும் வேறொருவர் மறுபடி எண்ண வேண்டும். முதல் ஆள் எழுதியதை அவருக்குக் காட்டக் கூடாது. சென்னையில் உங்கள் விற்பனைப் பிரதிநிதி இருந்தால் அவரைக் கூட நிற்கச் சொல்லுங்கள். தாளில் பேனாவால் எழுத வேண்டும். தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். எண்ணின்மேல் எண் எழுதிய தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முகம் சுளிப்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தில் 58 பெட்டியைப் பற்றி எழுதாதீர்கள். ஆண்டுக் கணக்குக்காக எல்லாக் கிடங்கிலும் எண்ணுகிறோம் என்பது உண்மையான, போதுமான காரணம். அவருக்கு வசதியான நாளைக் கேளுங்கள். சனி மாலைக்கு மேல் லோடுமேன் நிற்க வேண்டும் என்றால் அந்தக் கூலி உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏழெட்டுப் பேருக்கு ஒரு மாலைக் கூலி, நீங்கள் தேடும் பதிலுக்குப் பெரிய செலவு அல்ல. குடோன்காரர்கள் இழுத்தடிப்பது பல நேரம் மறைக்க அல்ல, ஆள் கூலி யார் கொடுப்பது என்பதற்காக. இப்படி எழுதலாம்:

"வணக்கம். வரும் 30ஆம் தேதி சனிக்கிழமை மாலை 6 மணி நிலவரப்படி, தங்கள் குடோனில் உள்ள எங்கள் சரக்கு முழுவதையும் எண்ணித் தர வேண்டுகிறோம். அன்று நேரம் ஒத்துவராவிட்டால் தங்களுக்கு வசதியான வேறு நாளை புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். எண்ணுவதற்கான தாள் இத்துடன் உள்ளது. அதில் எங்கள் இருப்பு அளவு வேண்டுமென்றேதான் எழுதப்படவில்லை. 6 மணிக்குத் தங்கள் கடைசி இன்வர்டு, அவுட்வர்டு எண்களையும், அந்த நேரத்துக்கான தங்கள் கணக்கு இருப்பையும், எண்ணத் தொடங்கும் முன் மெயிலில் அனுப்புங்கள். எண்ணி முடியும்வரை எங்கள் சரக்கில் வரவு செலவு வேண்டாம். பில் போட்டு ஏற்றாமல் இருக்கும் பெட்டிகள், திரும்பி வந்தவை, கசிந்தவை, நசுங்கியவை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். எங்கள் பிரதிநிதி உடன் இருப்பார். லோடுமேன் கூலியை நாங்கள் தருகிறோம். கையொப்பமிட்ட தாள்களின் படத்தை அன்றே அனுப்பிவிட்டு, வித்தியாச அறிக்கையை ஐந்து வேலை நாளுக்குள் தாருங்கள். அறிக்கை வரும்வரை தங்கள் கணக்கிலும் எங்கள் கணக்கிலும் எந்தத் திருத்தமும் போட வேண்டாம்."

இதில் "எண்ணத் தொடங்கும் முன்" என்ற சொற்களை எடுத்துவிடாதீர்கள். தரையில் இருப்பது தெரிந்த பிறகு கணக்கை அனுப்பினால், கணக்குத் தரையைப் போலவே மாறி வரும்.

சனி இரவு தாள்கள் வந்த பிறகு, ஞாயிறு காலை உங்கள் டாலி எண்ணையும் குடோன் கணக்கு எண்ணையும் பக்கத்தில் எழுதி, மாறுபடும் வரிகளை மட்டும் அறிக்கைப் படிவமாக அவருக்கு அனுப்புங்கள். இப்போது எண்களைக் காட்டலாம், எண்ணி முடிந்துவிட்டது. அந்தப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் டாலி இருப்பு, குடோன் இருப்பு, முதல் எண்ணிக்கை, மறு எண்ணிக்கை, எவ்வளவு வித்தியாசம், என்ன காரணம், அதற்கு ஆதாரமான ஆவண எண், இவ்வளவு போதும். காரணக் கட்டத்தில் "சிஸ்டம் தவறு" என்றோ "எண்ணிக்கைப் பிழை" என்றோ எழுதி வந்தால் ஏற்காதீர்கள். எந்தத் தேதி, எந்தச் சலான், எத்தனை பெட்டி என்று இருக்க வேண்டும். காரணம் கிடைக்காவிட்டால் "விளக்கம் இல்லை" என்று நேராக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுத வழி கொடுத்தால்தான் பொய்க்காரணம் எழுத மாட்டார்கள்.

வரும் அறிக்கையை உங்கள் கணக்கர் கையில் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். டாலியில் `Physical Stock` வவுச்சர் போட்டால் இருப்பு ஒரே நொடியில் எண்ணிக்கைக்குச் சமமாகிவிடும். அவருக்கு வேலை முடியும், உங்களுக்குத் தடயம் அழியும். அந்த நல்லெண்ணெய்க் கம்பெனியில் முதல் நாளே 371 என்று போட்டிருந்தால், 30 பெட்டி லாரி வந்து இறங்கியபோது ஏற்கெனவே வரவு வைத்த சரக்குக்கு மறுபடி வரவு வைத்தால்தான் கணக்கு உட்கார்ந்திருக்கும். முதலில் விடுபட்ட பில், கிரெடிட் நோட், மாற்றி ஏற்றிய சரக்கு இவற்றுக்கு முறையான பதிவுகள் போக வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதை மட்டும், உங்கள் கையொப்பத்தோடு இருப்பிலிருந்து எடுக்கலாம். வழியில் இருக்கும் சரக்குக்கு டாலியில் "லாரியில்" என்று தனி குடோன் ஒன்று உருவாக்கி, ஆலையிலிருந்து கிளம்பினால் அதற்கு, செங்குன்றம் சேர்ந்த தகவல் வந்தால் அதிலிருந்து செங்குன்றம் குடோனுக்கு என்று மாற்றிக்கொண்டே வந்தால், பாதி வித்தியாசம் பிறக்கவே பிறக்காது.

இருப்பிலிருந்து எடுப்பதில் வரி விஷயமும் உண்டு. தொலைந்த, திருடு போன, அழிந்த, தள்ளுபடி செய்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வைத்துக்கொள்ள முடியாது, சி.ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 17(5)(எச்) அதைத் தடுக்கிறது. விதி 56இன்படி இருப்புப் பதிவேட்டில் தொலைந்ததும் அழிந்ததும் தனியாகத் தெரிய வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் இந்த அறிக்கையையே கொடுத்துவிடுங்கள், தனியாக வேறொன்று எழுத வேண்டியதில்லை.

குடோன்காரர் ஈடு தர மறுத்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இவ்வளவு சதவீதம் வரை குறையலாம் என்று ஒரு வரி இருக்கலாம். மூட்டைச் சரக்குக்கு அது பொருந்தும், மூடி போட்ட பாட்டிலுக்குப் பொருந்தாது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது எடுத்துவிடுங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, பிறர் பொருளைக் காப்பில் வைத்திருப்பவர் தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனம் காட்ட வேண்டும் என்கிறது. அந்தக் கவனம் காட்டியிருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பல்ல என்று அடுத்த பிரிவு சொல்கிறது. எனவே அவர் கணக்குக்கும் தரைக்கும் இடையிலான எண், அவர் கையொப்பத்தோடு உங்களிடம் இருப்பதுதான் பேச்சுக்குத் துணை.

சனிக்கிழமை வரை அந்த அரை லிட்டர் ஐட்டத்தைச் சும்மா விட வேண்டாம். அதற்கு மட்டும் கடந்த மூன்று மாத வரவு, அனுப்பு விவரத்தை, ஆவண எண்ணோடு, இன்றே கேளுங்கள். இது அவர்கள் பதிவிலிருந்து எடுத்து அனுப்புவது, எண்ண வேண்டியதில்லை. டாலியின் அதே ஐட்டக் கணக்கைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக டிக் போட்டு வாருங்கள். கூடவே, ஒரு லிட்டர் பெட்டியும் அரை லிட்டர் பெட்டியும் பார்வைக்கு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று உங்கள் பேக்கிங் பகுதியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். போன மாதம் ஒரு லிட்டர் கேட்டு பில் போட்ட கடைகளில் இரண்டு பேருக்கு போன் செய்து, என்ன வந்தது என்று கேளுங்கள்.